பதினைந்து அங்குலமும் இரண்டு அடியும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டப்போகிறவர்கள் முழுக்கப் படியுங்கள். மற்றவர்கள் ஒரு பழைய பூகோள வாத்தியார் அசடு வழிந்த கதையாகப் படித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டு முன்பக்கக் காம்பவுண்டுச் சுவரை நானே ஆள் வைத்து இடித்தேன். முப்பது வருடத்துச் சுவர். ஏன் நல்ல சுவரை இடிக்கிறீர்கள் என்று தெருவில் பலர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி மழுப்பினேன். உண்மையை இப்போது எழுதுகிறேன்.

பீர்க்கன்காரணையில் 1989-ல் மனை வாங்கினேன். நாற்பதுக்கு அறுபது, ஒரு கிரவுண்டு. 1992-ல் கடன் வாங்கி ஒரு தளம் கட்டினேன். அப்போது வீடு சாலையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. பிறகு ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். சாலை ஏறிக்கொண்டே போக, வீடு கீழே இறங்கியது போல ஆகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர். அதன் பிறகு பெரிய மழை என்றாலே என் மனைவி அரிசி டின்னைக் கட்டிலின் மேல் தூக்கி வைப்பாள். கடைசியில் மகள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, இடிச்சிட்டு உயரமா கட்டிடலாம். மாடியில நாங்க இருக்கோம்."

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் இப்போது பதிவுபெற்ற பொறியாளர். அவனைக் கூப்பிட்டேன். வந்ததும் வராததுமாக, "சார், பிளான் அப்புறம் போடலாம். முதல்ல பேப்பர்லாம் எடுங்க" என்றான். வீட்டு வரைபடம் போடத்தானே வந்தாய், என் பீரோவை ஏன் குடைகிறாய் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

அவன் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன். அனுமதிக்குக் கொடுக்கிற ஆவணங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. இந்த நிலம் உங்களுடையதா? உங்களுடையது என்றால் எதிலிருந்து எதுவரை? வரைபடங்கள் அதற்கு அடுத்த கேள்விக்குப் பதில்: அந்த எல்லைக்குள் என்ன கட்டப் போகிறீர்கள்? முதல் இரண்டும் உறுதியாகாமல் மூன்றாவதைப் போட்டால் கோடு எல்லாம் காற்றில்தான் நிற்கும் என்றான். நான் சொல்லிக் கொடுத்த பையன் எனக்கே பாடம் எடுத்தான்.

முதல் கேள்விக்கான காகிதங்களை எடுத்தோம். கிரயப் பத்திரம் இருந்தது. எனக்கு விற்றவருக்கு நிலம் எப்படி வந்தது என்பதைச் சொல்லும் தாய்ப் பத்திரத்தின் நகலும் இருந்தது. வில்லங்கச் சான்றிதழை tnreginet.gov.in தளத்தில் போட்டுப் பார்த்தான். அதில்தான் முதல் அடி. 1992-ல் வாங்கிய வீட்டுக் கடனுக்கான அடமானம் இன்னும் அப்படியே நின்றது. கடனை முழுதாகக் கட்டிப் பத்திரத்தைத் திரும்ப வாங்கி இருபது வருடம் ஆகிறது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதை நான் பதிவு செய்யவே இல்லை. வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும்தான் காட்டும். நான் பணம் கட்டியது அதற்குத் தெரியாது. கடன் கொடுத்த இடத்துக்கு அலைந்து ரசீதுப் பத்திரம் பதிவு செய்து முடிக்க மூன்று வாரம் ஆனது. தப்பு முழுக்க என்னுடையது.

அடுத்து, மனைப்பிரிவு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் விற்ற பல மனைகளைப் போல எங்களுடையதும் அங்கீகாரம் இல்லாத பிரிவுதான். 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு திட்டம் கொண்டுவந்தபோது பணம் கட்டி உத்தரவு வாங்கி வைத்திருந்தேன். இந்த ஒன்றில் மட்டும் நல்ல பெயர் கிடைத்தது. "இது இல்லன்னா இங்கேயே நின்னுருப்போம் சார்" என்றான். மனையே வரன்முறை ஆகாதபோது அதன் மேல் கட்டடத்துக்கு அனுமதி கேட்க முடியாது.

இரண்டாவது கேள்விக்கு வந்தோம். எதிலிருந்து எதுவரை? இங்கேதான் என் கதை ஆரம்பம்.

கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் கிழக்கு மேற்காக வடபுறமும் தென்புறமும் 60 அடி, தெற்கு வடக்காகக் கீழ்ப்புறமும் மேல்புறமும் 40 அடி, ஆக 2400 சதுர அடி. மீட்டரில் 223 சதுர மீட்டர். கிழக்கே 20 அடி சாலை. இதுதான் முப்பத்தைந்து வருடமாக என் மனதில் பதிந்த மனை.

பட்டாவை எடுத்தான். அதில் 2.15 ஏர்ஸ், அதாவது 215 சதுர மீட்டர். எட்டு சதுர மீட்டர் குறைகிறது. பட்டா வாங்கிய நாளில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து உள்ளே வைத்ததுதான். அளவைப் படித்ததே இல்லை.

பிறகு டேப்பைப் பிடித்து மனையை அளந்தான். நான்கு பக்கமும் அளந்துவிட்டு, மூலைக்கு மூலை குறுக்கேயும் இரண்டு முறை அளந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி. நான்கு பக்க அளவு மட்டும் ஒரு மனையின் வடிவத்தைச் சொல்லாது. நெருப்புக்குச்சியில் சதுரம் செய்து தள்ளிப் பாருங்கள், பக்கம் மாறாமல் சாயும். மூலைவிட்டம் அளந்தால்தான் வடிவம் நிற்கும். வகுப்பில் நான் சொன்னதுதான். செவ்வகம் என்றால் இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருக்க வேண்டும். எங்கள் மனையில் எட்டு அங்குலம் வித்தியாசம் வந்தது. முன்பக்கம் 40 அடி சரியாக இருந்தது. பின்பக்கம் 38 அடி 9 அங்குலம். தெற்கே பக்கத்து வீட்டுச் சுவர், முன்னால் சரியாக ஆரம்பித்துப் பின்னால் போகப் போக எங்கள் பக்கம் சாய்ந்து, கடைசி மூலையில் 15 அங்குலம் உள்ளே வந்திருந்தது.

ஆக மனையில் இருப்பது சுமார் 219.5 சதுர மீட்டர். பத்திரத்தில் 223, பட்டாவில் 215, தரையில் 219.5. ஒரே மனைக்கு மூன்று கணக்கு.

அனுமதி வரைபடத்தில் பரப்பு அட்டவணை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பத்திரப்படி, பட்டாப்படி, இடத்தின்படி என்று மூன்றையும் எழுதுவார்கள். மூன்றில் எது குறைவோ அதைத்தான் கணக்குக்கு எடுப்பது வழக்கம். அதனால் வித்தியாசம் இருந்தாலே அனுமதி கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். 223-க்கும் 215-க்கும் நடுவில் எந்தப் பக்கத்துக் கோடு நகர்ந்திருக்கிறது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்வதுதான் எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடம். பட்டா எவ்வளவு என்று சொல்லும், புல வரைபடம் எந்த வடிவத்தில், எந்தப் பக்கம் எத்தனை மீட்டர் என்று சொல்லும். இரண்டையும் eservices.tn.gov.in தளத்திலேயே பார்க்கலாம்.

எனக்கு அப்போது புல வரைபடத்தைப் பார்க்கப் பொறுமை இல்லை. பதினைந்து அங்குலம்தான் கண்ணில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். 1998-ல் அவர் அந்தச் சுவரைக் கட்டும்போது நான் பள்ளியில் இருந்தேன். இத்தனை வருடம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் மாறிக்கொண்டோம், அடியில் இப்படி ஒரு வேலையா என்று இரவு தூக்கம் வரவில்லை. தாலுகா அலுவலக சர்வேயரை வைத்து அளந்து கல் போடுவதற்கு மனு கொடுத்தேன். எஃப் லைன் என்று சொல்வார்கள் அதை. கட்டணம் கட்டினால் அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்து அளப்பார்கள். நோட்டீஸ் போன நாளிலிருந்து பக்கத்து வீட்டோடு பேச்சு நின்றது.

சர்வேயர் வந்தார். தெருவும் கூடியது. தெற்குப் பக்கம் அளந்து பின்மூலையில் குறி வைத்தார். குறி பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. பதினைந்து அங்குலம் எங்களுடையதுதான். நான் நிமிர்ந்து நின்றேன். பிறகு அவர் முன்பக்கம் வந்தார். பின்கோட்டிலிருந்து கிழக்கே அளந்து வந்தவர், என் காம்பவுண்டுச் சுவருக்கு இரண்டு அடி உள்ளே, என் மனைவியின் செம்பருத்திச் செடியின் அடியில் குறி வைத்தார். புல வரைபடத்தில் எங்கள் மனையின் நீளம் 17.64 மீட்டர்தான். அடியில் சொன்னால் 58-க்கும் கொஞ்சம் குறைவு. மீதி இரண்டு அடி சாலை.

வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். சாலை தனி உட்பிரிவாக, அகலம் குறித்து, தெளிவாக இருக்கிறது. மனை விற்றவர்கள் அன்று கல்லை முன்னால் தள்ளி நட்டிருக்கிறார்கள். எங்கள் வரிசையில் எல்லோரும் அந்தக் கல்லை நம்பிச் சுவர் எழுப்பிவிட்டோம். பத்திரத்தில் 20 அடி என்று இருக்கிற சாலை எங்கள் வாசலில் 18 அடிதான். 2015-ல் படகு உள்ளே திரும்ப முடியாமல் முனையிலேயே நின்றபோது, "ரோட்டை எவனோ அமுக்கிட்டான்" என்று சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுத்தவன், என் வீட்டு வரைபடத்தைப் படிக்கவில்லை.

கணக்கும் அதோடு நேராகிவிட்டது. 12.19 மீட்டர் அகலத்தில் முன்னால் 65 சென்டிமீட்டர் போனால் எட்டு சதுர மீட்டர். பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் இருந்த வித்தியாசம் அதுதான். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் பட்டாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அன்று மாலை அவர்தான் முதலில் வந்தார். "சார், கொத்தனார் நூல் பிடிச்சதை நம்பிட்டேன். இடிச்சுத் தள்ளிக் கட்டித் தந்துடறேன்" என்றார். சுவரை ஒட்டி அவருடைய தென்னை நிற்கிறது. நான் சாலையில் இரண்டு அடி வைத்துக்கொண்டு அவரிடம் எதைக் கேட்பது? இருக்கட்டும் சார் என்றேன். மகள் மட்டும் விடவில்லை. சுவர் எங்கள் பட்டா எல்லைக்குள் இருக்கிறது, அதை என்றைக்குப் புதுப்பிக்கிறாரோ அன்று எல்லைக் கல்லில் கட்டுவார் என்று இருவரும் கையெழுத்துப் போட்டு ஒரு ஒப்பந்தம் எழுதிவைத்தோம். வாய்ப்பேச்சு எங்கள் தலைமுறையோடு போய்விடும், காகிதம் இருந்தால் பிள்ளைகளுக்குள் சண்டை வராது என்றாள். அவரும் சரி என்றார்.

இதற்கு அப்புறம்தான் வரைபடம். அனுமதிக்கான தாளைப் பார்த்திருப்பீர்கள், ஒரே தாளில் பல படங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில்.

கீ பிளான் என்கிற சின்னப் படம் மனை எந்தச் சாலையிலிருந்து எப்படிப் போனால் வரும் என்று காட்டுவது. வடக்கு எது என்று அம்புக்குறி கட்டாயம். அதற்கு மேல் அதில் வேலை இல்லை.

முக்கியமானது சைட் பிளான். மனையின் எல்லை, சாலையின் அகலம், கட்டடம், கட்டடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் விடும் காலி இடம், எல்லாம் அளவோடு இதில் வரும். இடிக்கப்போகும் பழைய வீட்டை மஞ்சளில் காட்டினான், புதியதைச் சிவப்பில். காலி இடம் எவ்வளவு விட வேண்டும் என்பது சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம், மனையின் அகலம் இவற்றைப் பொறுத்து மாறும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ல் அட்டவணை இருக்கிறது. அந்தக் காலி இடம் எல்லைக் கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது. எல்லை தப்பாக இருந்தால் சைட் பிளானில் எழுதும் ஒவ்வொரு எண்ணும் தப்பு.

எங்களுக்கே பாருங்கள். பத்திரத்தின் 40 அடியை நம்பி முதலில் ஒரு மாதிரிப் படம் போட்டிருந்தான். கட்டடம் 9.2 மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் சந்து. தாளில் அழகாக இருந்தது. தரையில் கட்டியிருந்தால் தென்மேற்கு மூலையில் பக்கத்துச் சுவர் 38 சென்டிமீட்டர் உள்ளே இருப்பதால், சந்து 1.12 மீட்டர்தான் வந்திருக்கும். அனுமதி ஒன்று, கட்டியது ஒன்று என்று ஆகியிருக்கும். கட்டிய பிறகு அதை எதைக் கொண்டு சரிசெய்வது? திருத்திய படத்தில் முன்னால் சர்வேயர் கல், தெற்கே இருக்கிற சுவர், இரண்டையும் எல்லையாக வைத்தான். எங்கெங்கே குறைவோ அங்கெல்லாம் குறைவை எடுத்தான். மனை சுமார் 211 சதுர மீட்டர் ஆனது. கட்டடம் 8.6 மீட்டர் அகலம், 13 மீட்டர் நீளம். மாடியில் ஒரு குளியலறை சின்னதானது. மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

தளப் படங்கள், அதாவது ஃப்ளோர் பிளான், எந்த அறை எதற்கு, எவ்வளவு பெரியது, காற்றும் வெளிச்சமும் வர ஜன்னல் எங்கே என்று காட்டுபவை. ஒரு தளம் 111.8 சதுர மீட்டர், இரண்டு தளம் 223.6. அதை மனைப் பரப்பால் வகுத்தால் 1.06. இதைத்தான் எஃப்.எஸ்.ஐ. என்கிறார்கள். இரண்டு வரை போகலாம் என்பதால் இதில் எங்களுக்குச் சிக்கலே இல்லை. பலர் எஃப்.எஸ்.ஐ. பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். சின்ன மனையில் கையைக் கடிப்பது பெரும்பாலும் சுற்றி விடும் இடம்தான்.

என் மனைவிக்குப் பிடித்த படம் செக்‌ஷன். வீட்டைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி. அடித்தளத்தின் ஆழம், ஒவ்வொரு தளத்தின் உயரம், மொத்த உயரம் எல்லாம் இதில்தான் தெரியும். சாலை மட்டத்துக்கு மேல் வீட்டுத் தரை எத்தனை உயரம் என்பதும் இதில்தான். அரிசி டின்னைத் தூக்கி வைத்த கை அந்தக் கோட்டில் விரலை வைத்து, "இது எந்த ரோட்டுலேருந்து? இன்னிக்கி ரோடா, இன்னும் ரெண்டு தடவ போட்டப்புறமா?" என்று கேட்டது. பொறியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். தரையை இன்னும் ஒரு அடி உயர்த்தினோம்.

எலிவேஷன் என்பது வெளியே நின்று பார்த்தால் தெரியும் முகப்பு. மழைநீர் சேகரிப்புக்குத் தனியாக ஒரு படம் உண்டு. மொட்டை மாடித் தண்ணீர் எந்தக் குழாயில் இறங்கி எந்தக் குழிக்குப் போகிறது என்று காட்ட வேண்டும். 2003-ல் கட்டாயம் ஆக்கியபோது பலர் குழாயைச் சுவரில் மாட்டிக் குழியைத் தோண்டாமல் விட்டோமே, அதுவேதான். செப்டிக் டேங்கைச் சைட் பிளானில் எங்களுடைய ஆழ்துளைக் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் தள்ளிக் காட்டினான். கம்பி, தூண், அஸ்திவாரக் கணக்குக்கான படம் தனி. வீடு நிற்குமா என்ற கேள்விக்கு அதுதான் பதில். அதில் கையெழுத்துப் போடுபவர் அதற்குத் தகுதிபெற்ற பொறியாளராக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2024 ஜூலையில் அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2500 சதுர அடி வரை மனை, அதில் 3500 சதுர அடி வரை தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ வீடு என்றால், onlineppa.tn.gov.in தளத்தில் நாமே சான்றளித்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதி பெறலாம். எங்கள் வீடு சுமார் 2400 சதுர அடி. அதிலேயே விண்ணப்பித்தோம், அலைச்சல் இல்லாமல் கிடைத்தது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். இதில் அனுமதிக்கு முன்னால் யாரும் வந்து டேப் பிடித்துப் பார்க்கப் போவதில்லை. பத்திரத்தில் உள்ள 40-க்கு 60-ஐ அப்படியே போட்டிருந்தாலும் அன்றைக்கே அனுமதி வந்திருக்கும். கொடுத்த தகவல் தப்பு என்று பிறகு தெரிந்தால் அந்த அனுமதி நிற்காது, பொறுப்பும் கையெழுத்துப் போட்ட நம்முடையதுதான். முன்பு அதிகாரி பிடித்த பிழையை இப்போது நாமேதான் பிடிக்க வேண்டும். அந்தப் பெட்டியில் சரி என்று அழுத்தும் முன், சுவரை இடித்துவிட்டு வந்துதான் அழுத்தினேன்.

வீடு கட்டும் எண்ணம் இருப்பவர்கள் பொறியாளரைக் கூப்பிடும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யுங்கள். பத்திரம், பட்டா, புல வரைபடம் மூன்றையும் மேசையில் வையுங்கள். மனையின் நான்கு பக்கம், இரண்டு மூலைவிட்டம், வாசல் சாலையின் அகலம், ஏழு அளவு எடுங்கள். காகிதத்தோடு பொருத்துங்கள். வித்தியாசம் வந்தால் பக்கத்து வீட்டுச் சுவரை முறைத்துப் பார்ப்பதற்கு முன் உங்கள் வீட்டு முன்சுவரையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

செம்பருத்தியை இரண்டு அடி உள்ளே மாற்றி நட்டோம். துளிர்த்துவிட்டது. பக்கத்து வீட்டு சார்தான் மண் கொண்டுவந்து போட்டார்.